கூட்டத்துக்கு 7,700 வெள்ளி, பிடிவாதத்துக்கு 24,300 வெள்ளி

ஒரு ரப்பர் கையுறை நிறுவனத்தின் பங்கில் நான் இழந்தது 32,000 வெள்ளி. இடையில் லாப ஈவாக வந்த ஏறத்தாழ 2,700 வெள்ளியைக் கழித்தால் 29,300. பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு பிறையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இது சிறிய தொகை அல்ல. பங்குகளை விற்றுப் பல மாதங்கள் கழித்துத்தான் அந்த 32,000 எங்கெங்கே போனது என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன். அப்போது தெரிந்தது எனக்கே புதிதாக இருந்தது. எல்லாரும் வாங்குகிறார்கள் என்று நானும் போய் வாங்கியதால் போனது 7,700 வெள்ளி மட்டும். மீதி 24,300 வெள்ளி, விலை இறங்கிய பிறகு நான் செய்தவற்றால் போனது. கூட்டத்தோடு போகாதே என்று எல்லாரும் எச்சரிக்கிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு நம் மனம் தனியாக என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் என்னைப் போலவே வாங்கி, இன்றும் வாய் திறக்காமல் வைத்திருப்பவர்கள் பலர் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏப்ரலிலிருந்து ஆறு மாதங்களுக்கு வங்கிக் கடன் தவணைகளைத் தள்ளிவைத்தார்கள். காருக்குக் கட்ட வேண்டிய பணம் மாதாமாதம் கையில் நின்றது. வெளியே போக வழியில்லை, செலவும் இல்லை. உலகத்துக்கே கையுறை வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் உலகின் ரப்பர் கையுறைகளில் பாதிக்கு மேல் நம் மலேசியாவில்தான் தயாராயின. கதை உண்மையான கதை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கூட்டம் ஓடும்போது அது பெரும்பாலும் ஒரு உண்மையின் பின்னால்தான் ஓடுகிறது. முழுப் பொய்யாக இருந்தால் என்னைப் போன்றவர்கள் விலகி நின்றிருப்போம்.

என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, ஏப்ரலிலேயே வாங்கியிருந்தான். ஜூலையில் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, மூன்று மடங்கு ஆகிவிட்டது, நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறீர்கள்" என்றான். அவனுடைய டெலிகிராம் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டான். அங்கே காலை முதல் இரவு வரை ஒரே பேச்சு. பங்கு ஆய்வாளர்கள் சொன்ன இலக்கு விலைகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அவற்றைப் படித்துப் படித்து, நிறைய பேர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று நம்பினேன். பின்னாளில் அந்தக் குழுவின் பழைய செய்திகளை மேலே தள்ளிப் படித்தபோது, ஒரே ஆய்வறிக்கையின் படம்தான் வெவ்வேறு ஆட்கள் கையால் திரும்பத் திரும்ப வந்திருந்தது என்று கண்டேன். என் தம்பி வேலை செய்யுமிடத்தில் ஒருவர் வாங்கியதைப் பார்த்து அவன் வாங்கினான். அவனைப் பார்த்து நான் வாங்கினேன். என்னைப் பார்த்து என் அலுவலகத் தோழி வாங்கினாள். பொருளாதார அறிஞர்கள் இதைத் தகவல் அருவி என்கிறார்கள். 1992இல் பிக்சந்தானி, ஹிர்ஷ்லைஃபர், வெல்ச் என்ற மூவர் இதை விளக்கி எழுதினார்கள். முன்னால் போனவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று நினைத்து ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததை ஒதுக்கிவைக்கிறார். ஆயிரம் பேர் வாங்கியிருந்தாலும் உள்ளே இருக்கும் தகவல் முதல் இரண்டு மூன்று பேருடையதாகவே இருக்கக்கூடும். ஆகவே ஒரு குழுவில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணிப் பயனில்லை. நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையைத் தானே திறந்து பார்த்தவர் யார் என்று கேளுங்கள். எங்கள் குழுவில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

செப்டம்பரில் அந்த நிறுவனம் போனஸ் பங்கு கொடுத்தது. பங்குகளின் எண்ணிக்கை கூடி, ஒன்றின் விலை அதற்கேற்ப இறங்கியது. நிறுவனத்தின் மொத்த மதிப்பில் ஒரு காசுகூட மாறவில்லை. ஆனால் இருபதுகளில் இருந்தது எட்டு வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று பார்த்த என் கண்ணுக்கு அது மலிவாகத் தெரிந்தது. கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள் நான். அக்டோபர் தொடக்கத்தில் 8.80 வெள்ளிக்குப் பத்து லாட், அதாவது 1,000 பங்குகள் வாங்கினேன். 8,800 வெள்ளி. சில வாரங்களில் 9.50ஐத் தாண்டியது. அந்த உச்ச விலை என் தலையில் ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. பிறகு எந்த விலையைப் பார்த்தாலும் அதற்கு எவ்வளவு கீழே என்றுதான் பார்த்தேன்.

நவம்பர் 9 இரவு, ஃபைசர் தடுப்பூசி 90 விழுக்காட்டுக்கு மேல் பலன் தருகிறது என்ற செய்தி வந்தது. மறுநாள் காலை கையுறைப் பங்குகள் எல்லாம் சரிந்தன. இரண்டாம் கட்டம் இங்கேதான் தொடங்குகிறது. கூட்டத்தோடு வந்தவள், கூட்டம் ஓடும்போது ஓடியிருந்தாலாவது ஆயிரத்துச் சொச்ச வெள்ளி நட்டத்தோடு தப்பியிருப்பேன். நான் அசையவில்லை. காரணம், விற்றால் அது நட்டம். விற்காதவரை அது வெறும் விலை. இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்று சொல்ல முடியாது. நான் வேலையில் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது கிடங்கில் கெட்டுப்போன சரக்கை வாங்கிய விலைக்கே காட்டினால் தணிக்கையாளர் விடமாட்டார். என் சொந்தக் கணக்குக்குத் தணிக்கையாளர் யாரும் இல்லை.

டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி இருக்கிறது. உறுதியாக 3,000 கிடைக்கும், அல்லது 80 விழுக்காடு வாய்ப்பில் 4,000 கிடைக்கும், தவறினால் ஒன்றுமில்லை. எதை எடுப்பீர்கள்? 80 விழுக்காட்டினர் உறுதியான 3,000ஐ எடுத்தார்கள். அதையே திருப்பிப் போட்டார்கள். உறுதியாக 3,000 போகும், அல்லது 80 விழுக்காடு வாய்ப்பில் 4,000 போகும், தப்பினால் ஒன்றும் போகாது. இப்போது 92 விழுக்காட்டினர் சூதாட்டத்தை எடுத்தார்கள். கணக்குப்படி அந்தச் சூதாட்டத்தின் சராசரி நட்டம் 3,200. உறுதியான நட்டத்தைவிட அது அதிகம். ஆனாலும் எடுத்தார்கள். நட்டத்தை வெறுக்கிறோம் என்றால் எச்சரிக்கையாக இருப்போம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. லாபத்தில் இருக்கும்போது கோழைகளாகவும், நட்டத்தில் இருக்கும்போது சூதாடிகளாகவும் ஆகிவிடுகிறோம். நான் வாழ்நாளில் நான்கு நம்பர் சீட்டுகூட வாங்கியதில்லை. அந்தத் தடுப்பூசிச் செய்திக்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அந்த 92 பேர் செய்ததுதான்.

சரிந்த வாரத்திலேயே 7.40க்கு இன்னும் 1,000 பங்குகள் வாங்கினேன். அமானா சஹாம் முதலீட்டு நிதியில் போட்டிருந்த பணத்தை எடுத்தேன். என் சராசரி விலை 8.80இலிருந்து 8.10க்கு இறங்கியது. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. ஏதோ நட்டத்தில் ஒரு பகுதியைத் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. 2021 ஜனவரியில் 6.20க்கு 2,000 பங்குகள், சராசரி 7.15. மே மாதத்தில் 5.00க்கு 2,000 பங்குகள், சராசரி 6.43. மொத்தம் 6,000 பங்குகள், போட்டது 38,600 வெள்ளி.

சராசரியைக் குறைப்பது என்று நாம் சொல்லும் இந்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், என் பணத்தில் நான்கில் மூன்று பங்கு இங்கேதான் போயிற்று. மே மாதம் விலை 5.00. அந்தக் காலை என்னிடம் இருந்தது 4,000 பங்குகள், வாங்கியது 28,600 வெள்ளிக்கு, சந்தை மதிப்பு 20,000. நட்டம் 8,600. இன்னும் 2,000 பங்குகளை 5.00க்கு வாங்கியபின் போட்டது 38,600, சந்தை மதிப்பு 30,000. நட்டம் அதே 8,600. ஒரு காசு குறையவில்லை. குறைந்தது சராசரி என்ற எண் மட்டும். போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க விலை 7.15க்கு ஏற வேண்டும் என்றிருந்தது, 6.43க்கு ஏறினால் போதும் என்று மாறியது. கரை பக்கத்தில் வந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொண்டது. உண்மையில் மாறியது வேறொன்று. முன்பு விலை பத்து காசு இறங்கினால் எனக்கு 400 வெள்ளி போகும். இப்போது அதே பத்து காசுக்கு 600 வெள்ளி. அக்டோபரில் வாங்கியபோது அது 100 வெள்ளியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் நான் வாங்கியது நிம்மதியை, விலையாகக் கொடுத்தது ஆபத்தை. யாராவது இறங்கும் பங்கில் மேலும் போட நினைத்தால், சராசரி விலையைக் கணக்கிடுவதற்கு முன் இந்த இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: வாங்குவதற்கு முன்னும் பின்னும் மொத்த நட்டம் எவ்வளவு, பத்து காசு இறங்கினால் எவ்வளவு போகும்.

இறங்கும்போது வாங்குவது எப்போதும் தவறு என்று சொல்லவில்லை. மாதம் 200 வெள்ளி என்று முன்கூட்டியே முடிவுசெய்து, பல நிறுவனங்களைக் கொண்ட ஒரு நிதியில் ஏற்றத்திலும் இறக்கத்திலும் போடுகிறவர்கள் செய்வது வேறு. அவர்களுடைய முடிவு விலை இறங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டது. என்னுடையது இறங்கியதால் எடுக்கப்பட்டது. அதுவும் ஒரே நிறுவனத்தில், ஒரே தொழிலில். அந்தப் பங்கு ஏறியிருந்தால் நான் இந்த 2,000ஐ வாங்கியிருப்பேனா? மாட்டேன். அப்படியென்றால் வாங்கக் காரணம் நிறுவனம் அல்ல, என் பழைய விலை.

ஜனவரியில் வாங்கிய 12,400 வெள்ளிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 நடுவில் 3.05க்கு வாங்கிய ஒரு வங்கிப் பங்கு 3,000 என்னிடம் இருந்தது. அது 4.20க்கு ஏறியிருந்தது. 3,450 வெள்ளி லாபம். அதை விற்று, அந்தப் பணத்தைக் கையுறையில் போட்டேன். அன்று அது மிகவும் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. லாபத்தைக் கையில் எடுத்தோம், நட்டத்தைச் சரிசெய்தோம். அந்த வங்கிப் பங்கு 2024இல் எட்டு வெள்ளியைத் தொட்டது. நான் விற்ற 12,600 வெள்ளி, 24,000 ஆகியிருக்கும். இதை மேலே சொன்ன 32,000இல் நான் சேர்க்கவில்லை. யாரும் சேர்ப்பதில்லை, அதனால்தான் இந்த வகை இழப்பு கண்ணில் படுவதும் இல்லை.

இது என் தனிப்பட்ட பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டெரன்ஸ் ஓடின் என்ற அமெரிக்கப் பேராசிரியர், 1987 முதல் 1993 வரை ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை எடுத்து ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார். மக்கள் விற்றிருக்கக்கூடிய லாபப் பங்குகளில் 14.8 விழுக்காட்டை விற்றிருந்தார்கள். நட்டப் பங்குகளில் விற்றது 9.8 விழுக்காடு. பிறகு என்ன ஆனது என்றும் பார்த்தார். அடுத்த ஓராண்டில், விற்ற லாபப் பங்குகள், பிடித்துவைத்திருந்த நட்டப் பங்குகளைவிட ஏறத்தாழ 3.4 விழுக்காடு கூடுதல் ஆதாயம் தந்தன. அந்த ஆய்வில் டிசம்பர் மாதம் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்காவில் நட்டத்தில் விற்றால் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் ஆண்டு முடிவில் நட்டப் பங்குகளை விற்கிறார்கள். வரியாவது அவர்களைப் பிடித்துத் தள்ளுகிறது. இங்கே தனிநபர்கள் புர்சாவில் பட்டியலிட்ட பங்கை விற்று வரும் லாபத்துக்கு வரி இல்லை. நல்ல விஷயம்தான். ஆனால் நட்டத்தை விற்கச் சொல்லித் தள்ளுவதற்கும் ஒன்றுமில்லை. டிசம்பர் வந்தாலும் போனாலும் நாம் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். அதனால் அந்த வேலையை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆண்டு முடிவில் ஒரு நாள், கையில் இருக்கும் நட்டப் பங்குகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை நான் வைத்திருக்கிறேன்.

அந்த ஜனவரியில் குழுவின் பேச்சே மாறிப்போயிருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்திவைத்த ஷார்ட் செல்லிங்கை, அதாவது கடன் வாங்கிய பங்கை விற்று இறக்கத்தில் லாபம் பார்ப்பதை, 2021 ஜனவரி 4இல் மீண்டும் அனுமதித்தார்கள். அன்று கையுறைப் பங்குகள் அடிவாங்கின. அதோடு எங்களுக்கு ஓர் எதிரி கிடைத்துவிட்டான். விலை இறங்குவதற்குக் காரணம் தடுப்பூசி அல்ல, புதிய தொழிற்சாலைகள் அல்ல, பெரிய முதலீட்டாளர்களின் சதி என்று பேச்சு போனது. மாத இறுதியில் அமெரிக்காவில் கேம்ஸ்டாப் பங்கைச் சிறு முதலீட்டாளர்கள் ஏற்றிய செய்தி வந்ததும், இங்கேயும் கையுறையில் அப்படிச் செய்வோம் என்று முழக்கம். ஏற்றம் நிலைக்கவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, வாங்கும்போது லாபத்துக்காக ஒன்றுகூடிய கூட்டம், இறங்கும்போது விசுவாசத்துக்காக ஒன்றுகூடியது என்பது. விற்கலாமா என்று கேட்ட ஒருவரைக் கேலி செய்தே விரட்டினார்கள். விற்பது துரோகம் என்று பேசுகிற இடத்தில் உங்கள் பணம் இருந்தால், அந்தக் குழுவை விட்டு அன்றே வெளியேறிவிட்டுப் பிறகு யோசியுங்கள். உள்ளே இருந்துகொண்டு யோசிக்க முடியாது.

பார்க்க வேண்டியது வேறொன்று இருந்தது, அதுவும் மறைவாக இல்லை. கையுறையின் விற்பனை விலை. பெருந்தொற்றுக்கு முன் நைட்ரில் கையுறை ஆயிரத்துக்கு 20 டாலரைச் சுற்றி இருந்தது. உச்சத்தில் 100 டாலரைத் தாண்டியது. இந்த ஏற்றத்தால்தான் அந்த லாபம். விலை ஐந்து மடங்கு ஆனால் யார் வேண்டுமானாலும் தொழிற்சாலை கட்ட வருவார்கள். சீனாவில் கட்டினார்கள், இங்கேயும் கையுறைக்குச் சம்பந்தமே இல்லாத தொழிலில் இருந்தவர்கள்கூட நாங்களும் தயாரிக்கிறோம் என்று அறிவித்தார்கள். 2022இல் விலை பழைய நிலைக்கே வந்துவிட்டது. 2021 மார்ச்சு வாக்கில் சாதனை லாபம் அறிவித்தபோது, பங்கு விலை ஏற்கெனவே உச்சத்திலிருந்து பாதியாகியிருந்தது. எங்களுக்கு அது அநியாயமாகத் தோன்றியது. லாபம் ஏறுகிறதே, விலை ஏன் இறங்குகிறது? சந்தை அடுத்த ஆண்டின் கையுறை விலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் கடந்த காலாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லாப ஈவு வேறு தாராளமாக வந்தது. ஒவ்வொரு முறை வங்கிக் கணக்கில் விழும்போதும், பார்த்தாயா, நல்ல நிறுவனம், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகவே ஒரு பங்கை வாங்கும் நாளிலேயே இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும் என்பது என் இன்றைய வழக்கம். எதனால் வாங்குகிறேன், எது நடந்தால் அந்தக் காரணம் போய்விடும். இரண்டாவது வரியில் பங்கின் விலையை எழுதக்கூடாது, தொழிலில் நடப்பதை எழுத வேண்டும். எனக்கு அது இப்படி இருந்திருக்கும்: "கையுறையின் விற்பனை விலை ஏறுவதால் வாங்குகிறேன். நிறுவனமே தன் காலாண்டு அறிக்கையில் விற்பனை விலை இறங்குகிறது என்று சொன்னால் விற்றுவிடுவேன்." 2021 நடுப்பகுதியிலேயே அப்படிப்பட்ட வரிகள் அறிக்கைகளில் வந்தன. அன்று விற்றிருந்தால் நான்கு வெள்ளி கிடைத்திருக்கும். எழுதிவைக்காததால், இறங்க இறங்கக் காரணத்தை மாற்றிக்கொண்டே போனேன். முதலில் விலை ஏறும் என்று வாங்கியது, பிறகு லாப ஈவுக்காக வைத்திருப்பது ஆனது, கடைசியில் பிள்ளைகளுக்காக நீண்ட காலத்துக்கு வைத்திருப்பது ஆனது.

மே மாதம் போட்ட 10,000 வெள்ளி, ஊழியர் சேம நிதியிலிருந்து ஐ-சினார் திட்டத்தில் எடுத்தது. அந்த ஆண்டு சேம நிதி 6.10 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. இதைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை.

2021 கடைசியிலிருந்து பங்கு விலை பார்க்கும் செயலியைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். ஏறியிருந்த காலத்தில் கழிப்பறைக்குப் போகும்போதும் பார்த்தவள். வங்கிச் செய்திகளை அழித்தேன், பங்குக் கணக்கு அறிக்கை வந்தால் உறையைப் பிரிக்காமல் மேசை அடியறையில் போட்டேன். என் கணவருக்கு 8,800 வெள்ளி மட்டுமே தெரியும். அவர் கையுறைப் பங்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால், வயிறு கலங்கும், "அப்படியேதான் இருக்கிறது" என்பேன். எவ்வளவு தனிமையான காலம் அது என்று பிறகுதான் புரிந்தது. தம்பி குழுவை விட்டே போயிருந்தான். ஏறும்போது நூற்றுக்கணக்கில் இருந்தவர்கள் இறங்கும்போது ஒருவர்கூட இல்லை. ஒரு பங்கின் விலையைப் பார்க்கவே பயமாக இருந்தால், அந்தப் பயமே ஓர் அளவுகோல்: அதில் உங்களால் தாங்க முடிந்ததைவிட அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள்.

2022 நடுவில் எங்கள் கோயில் திருவிழாக் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தபோது, ஓய்வுபெற்ற ரெமிசியர் ஒருவர் உடன் இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் பினாங்கில் மற்றவர்களுக்காகப் பங்கு வாங்கி விற்றவர். பேச்சு எப்படியோ கையுறைக்குப் போனது. நான் எண்களைச் சொன்னேன், அவர் அதிர்ச்சியும் காட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"இன்று என்ன விலை, அம்மா?"

"1.10, அங்கிள்."

"6,000 பங்கு. 6,600 வெள்ளி. நாளைக் காலை எழுந்து பார்க்கும்போது பங்கு இல்லை, 6,600 வெள்ளி ரொக்கமாக உங்கள் கணக்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்து மறுபடியும் இதையே வாங்குவீர்களா?"

யோசிக்கவே இல்லை. "மாட்டேன்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்படியானால் தினமும் காலையில் அதைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். பிறகு பிரசாதச் செலவு ரசீதுகளைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கேள்வி ஏன் வேலை செய்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். அது 6.43ஐப் பேச்சிலிருந்தே எடுத்துவிடுகிறது. வைத்திருப்பதா விற்பதா என்று கேட்டால் நட்டம் நடுவில் வந்து நிற்கும். ரொக்கத்தை எங்கே போடுவது என்று கேட்டால் நட்டத்துக்கு அங்கே இடமில்லை. 6.43க்குத் திரும்ப வேண்டுமென்றால் பங்கு ஏறத்தாழ ஆறு மடங்காக வேண்டும். ஆறு மடங்காகும் என்று நான் நம்பும் பங்கு இதுவா என்று கேட்டால் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் உடனே விற்க முடியவில்லை. மறுநாள் பாதியை விற்றேன், மீதியை இரண்டு வாரம் கழித்து. பாதி விற்பது கணக்குப்படி அர்த்தமில்லாத வேலை, விற்க வேண்டுமென்றால் முழுவதையும் விற்க வேண்டியதுதான். ஆனால் மொத்தமாக விற்க மனம் வராமல் இன்னும் ஓராண்டு வைத்திருப்பதைவிட அது மேல். விற்ற இரவுதான் கணவரிடம் முழுத் தொகையையும் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லியிருந்தால் மே மாதப் பணமாவது மிஞ்சியிருக்கும்" என்றார். அது உண்மை. மறைத்துவைத்த நட்டத்தில் மேலும் பணம் போடுவதை யாரும் தடுக்க முடியாது.

நான் விற்ற பிறகு அந்தப் பங்கு ஒரு வெள்ளிக்கும் வெகுவாகக் கீழே போனது. பிறகு கொஞ்சம் ஏறவும் செய்தது. இரண்டையும் வைத்து என் முடிவைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லமாட்டேன். விற்ற அன்று என்னிடம் இருந்த தகவலுக்கு, அதை மறுபடி வாங்கமாட்டேன் என்பது போதுமான காரணம்.

இன்னும் ஆறு, ஏழு வெள்ளிச் சராசரியில் வைத்திருப்பவர்களுக்கு நடைமுறையில் இரண்டு விஷயம். சில செயலிகளில் சராசரி விலை, லாப நட்டம் ஆகியவற்றைக் காட்டும் கட்டங்களை மறைத்துவைக்க வழி உண்டு. மறைத்துவிட்டு, இன்றைய மதிப்பை மட்டும் பார்த்து ரெமிசியர் அங்கிளின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, விற்றுவிட்டால் அந்தப் பணத்தை உடனே வேறு பங்கில் போடாதீர்கள். போனதை மீட்க வேண்டும் என்ற வெறி எனக்கு விற்ற பிறகுதான் உச்சத்துக்குப் போனது. மலிவான சில்லறைப் பங்குகளையும் வாரன்ட்டுகளையும் தேடிக்கொண்டிருந்தேன். 92 பேரின் சூதாட்டம் அங்கேயும் தொடர்கிறது, பங்கின் பெயர்தான் மாறுகிறது. அந்த 6,600 வெள்ளியை அமானா சஹாமில், ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி என்ற மாறாத விலையில் போட்டுவிட்டு, ஓராண்டு வரை புதிதாக எதையும் வாங்குவதில்லை என்று கணவரிடம் சொல்லிவைத்தேன். கணக்கின் கடவுச்சொல்லும் அந்த ஓராண்டு அவரிடம்தான் இருந்தது.